கழுதைக்குக் குரல் கொடுத்தவர்கள்

எங்கள் அறையில் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஓராள் நிற்கக்கூடிய இடம் இருக்கிறது. அலுமாரிக் கதவைத் திறந்து விட்டு, எதிர்ப்பக்கம் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் அது ஒரு சின்ன அறையாகிவிடும். ஒரு பக்கம் சேலைகள், ஒரு பக்கம் பஞ்சு. பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வராது. கழுதை அங்கேதான் பிறந்தது.

நான் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கோயில் திருவிழா, கலியாணம், பந்து விளையாட்டு என்று எங்கே கூப்பிட்டாலும் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போவேன். மைக்கை மற்றவர்களிடம் கொடுப்பேன். அதில் நான் பேசியதில்லை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறப்பது எனக்கு எப்போதும் பெரிய பாடு. மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட விரலால் தட்டித்தான் பார்ப்பேன்.

எங்கள் மன்னார்ப் பக்கத்தில் தபசு காலத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்சியாகப் போடும்போது, மேடையில் நிற்பவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். குரல்களை முன்கூட்டியே பதிந்து வைத்து ஸ்பீக்கரில் விடுவோம். அந்தப் பதிவை வருடாவருடம் நான்தான் செய்து வந்தேன். அதை நினைவில் வைத்திருந்துதான் தலைமன்னார்க்காரப் பொடியன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். கொழும்பில் காட்டூன் செய்யும் சிறிய கொம்பனி ஒன்றில் அவன் படம் வரைகிறவன். கடற்கரையில் வாழும் மிருகங்களை வைத்துச் சிறுவர்களுக்குத் தொடர் ஒன்று செய்யப் போகிறார்களாம்.

“அண்ணை, கொழும்பில கிடைக்கிற குரலெல்லாம் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு,” என்றான். “நண்டு கதைச்சாலும் செய்திதான், காகம் கதைச்சாலும் செய்திதான். எங்கட ஆக்கள் வேணும். ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போக வசதியில்லை. அவையவையின்ர வீட்டில போனில பதியட்டும். எப்படிச் சொல்ல வேணுமெண்டு நீங்கள் சொல்லிக் குடுங்கோ. படத்தில ‘நெறியாள்கை’ எண்டு உங்கட பேர் வரும்.”

முதல் கதைகள் பிடித்தால் தொடர் நடக்கும், பிடிக்காவிட்டால் அதோடு சரி என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அது நடக்க வேண்டியிருந்தது. பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போனது ஒரு காரணம். மற்றதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுவரைக்கும் நான் ஒன்றைச் சொல்லி, அதற்காக ஒருவர் காத்திருந்து, கேட்டு, அதன்படி செய்ததாக எனக்கு ஞாபகமில்லை. வீட்டிலும் இல்லை, வெளியிலும் இல்லை. இந்த வேலையே அதுதான் என்றான் அவன். நான் சொல்வேன், அவர்கள் செய்வார்கள்.

மூன்று பேரைப் பிடித்தேன். ஒருவன் பள்ளிமுனையில் ஓட்டோ ஓட்டுகிறவன், பகிடிக்காரன். இன்னொருவர் மறிச்சுக்கட்டியில் இருக்கும் புடவை வியாபாரி, வயதானவர், கதை சொல்லத் தொடங்கினால் கடையில் வந்தவர்கள் வாங்க வந்ததை மறந்துவிடுவார்கள். மூன்றாவது ஆள் என் மனைவி. அவள் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். நரி, முயல் எல்லாவற்றுக்கும் குரல் மாற்றிப் பழகியவள். மிருகங்கள் அதிகம், ஆட்கள் மூன்று பேர்தான். ஆகவே ஒருவரே இரண்டு மூன்று மிருகங்களாக வேண்டியிருந்தது.

முதல் கிழமை முழுவதும் வீணாகப் போனது. “கூழைக்கடா பேராசை பிடித்தது, அதுபோலச் சொல்லும்” என்றால் ஓட்டோக்காரன் சினிமா வில்லனாகிச் சிரித்தான். “நண்டு பயந்தது” என்றால் அதே வில்லன் மெல்லிய குரலில் கீச்சிட்டான். சுருதியைக் கூட்டிக் குறைத்தால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே ஆள்தான் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். எனக்குப் படித்த வார்த்தைகள் தெரியாது. ஆனால் வருடக்கணக்காக மற்றவர்களின் பேச்சை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டவன் நான். ஒரு மனிதனை அடையாளம் காட்டுவது சுருதி மட்டுமல்ல. அவன் எங்கே மூச்சு எடுக்கிறான், எந்தச் சொல்லில் அவசரப்படுகிறான், எதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறான் என்பதெல்லாம்தான்.

அதனால் அவர்களிடம் இப்படிச் சொன்னேன். “நடிக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை நினையுங்கோ. அந்த ஆள் இந்த வசனத்தைச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிச் சொல்லுங்கோ. ஒரு மிருகத்துக்கு ஒரு ஆள். ஆனால் ஆரெண்டு எனக்குச் சொல்லக் கூடாது. ஒருத்தருக்கொருத்தரும் சொல்லக் கூடாது.”

மன்னார் சின்ன இடம். இன்னாரைப் பார்த்துத்தான் கூழைக்கடா பேசுகிறது என்று வெளியில் போனால் கோயிலில் பக்கத்தில் இருக்க முடியாது. அதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு.

அன்றிலிருந்து எல்லாம் மாறியது. ஓட்டோக்காரனின் கூழைக்கடா ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் மூக்கால் ஒரு மூச்சு விட்டது. புடவைக்காரரின் ஆமை, எதைக் கேட்டாலும் முதலில் நாக்கை அண்ணத்தில் தட்டியது. யாரென்று ஊகிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. வாயைத் திறக்கவுமில்லை.

வேலை நடந்த விதம் இதுதான். ஆளுக்கு இரண்டு போன். ஒன்று பதிவதற்கு, அதற்கு அழைப்பு வராதபடி அடைத்து வைக்க வேண்டும். மற்றதில் காதுக்குள் வயரைச் செருகிக்கொண்டு என்னோடு பேச வேண்டும். பதியும் போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே அல்லாமல் கொஞ்சம் பக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று வந்து அடிக்கும். மின்விசிறி, பிரிட்ஜ் எல்லாம் நிற்க வேண்டும். முதலில் மிருகத்தின் பெயர், வசனத்தின் இலக்கம், பிறகு கொஞ்சம் அமைதி, பிறகு வசனம். ஒவ்வொன்றும் மூன்று தரம். ஒரே இருப்பில் ஒரு மிருகம் மட்டும். நண்டையும் கூழைக்கடாவையும் மாறி மாறிப் பேசினால் இரண்டும் கலந்து மூன்றாவது மிருகம் ஒன்று வந்துவிடும். கத்துகிற வசனங்கள் கடைசியில், தொண்டை போனாலும் பரவாயில்லை என்ற நிலையில். எல்லாவற்றுக்கும் முன், போன தடவை பதிந்ததில் நல்ல துண்டொன்றைப் போட்டுக் கேட்க வேண்டும். நேற்றுப் பேசிய கழுதை இன்றைக்கும் அதே கழுதையாக இருக்க அதுதான் வழி.

புடவைக்காரரின் வீட்டில் ஓர் அறை முழுக்கத் துணிக்கட்டுகள். கொழும்பு ஸ்டூடியோவிலும் அப்படி ஒரு சத்தமில்லாத இடம் இருக்காது. ஆனால் அங்கே அழைப்பு நிற்காது, பாதியில் அறுந்துவிடும். அவர் பதிந்து அனுப்புவார். நான் கேட்டுவிட்டுக் குரல் செய்தியில் திருத்தம் சொல்வேன். “தம்பி, நீங்க சொல்றது விளங்குது, ஆனா கடைசிச் சொல்லு மட்டும் வந்து சேரல்ல,” என்பார். சிக்னல் சரியில்லை என்று நினைத்து நான் திரும்பவும் அனுப்புவேன்.

ஓட்டோக்காரன் கட்டிலில் போர்வையை மூடிக்கொண்டு பேசுவான். வெளியே சோளகக் காற்று தகரத்தை அடிக்கும், காகம் கத்தும். “அண்ணை, உள்ளுக்க அவியிறன். நண்டுக் கறியாகிறதுக்கு முதல் சரியெண்டு சொல்லுங்கோ,” என்பான்.

மனைவிக்கு மூன்று குரல்கள். தாய்க் காகம், குட்டிப் பூநாரை, கழுதை.

கொம்பனி அனுப்பிய கதையில் கழுதை ஒரு மொக்கு, புத்தியில்லாதது. கத்துவதும் உதைப்பதும்தான் அதன் வேலை. அவள் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று முதல் வசனத்தைச் சொன்னபோது நான் அறைக்கு வெளியே நிலத்தில் இருந்தேன். கழுதை உடனே பேசவில்லை. முதலில் தொண்டைக்குள் ஒரு ‘ம்’. பிறகு மூச்சு முடியப்போகிற நேரத்தில் பேச்சைத் தொடங்கியது. நடுவில் நன்றாகத்தான் போனது. கடைசிச் சொல் வரும்போது, கொடுத்த கையைத் திரும்ப இழுத்துக்கொள்கிற மாதிரி, அதை விழுங்கிவிட்டது. “நான் கொஞ்சம் அந்த நிழலில நிக்கலாமோண்டு…” அவ்வளவுதான். எதிரில் நிற்கும் மிருகம் எதைச் சொன்னாலும் கழுதை “இல்லை, பரவாயில்லை” என்று நகர்ந்துவிடும்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இப்படி ஒரு குரலை நான் எங்கேயும் கேட்டதில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

“அதுதான்,” என்றேன். “அதை விட்டிடாதையும். கடைசிச் சொல்லை இன்னும் கொஞ்சம் விழுங்கும்.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைகளைப் பார்த்தபடி, “இன்னுமோ?” என்று கேட்டாள்.

“ஓம், இன்னும்.”

இன்னும் விழுங்கினாள். நான் அந்தத் துண்டை மற்ற இருவருக்கும் அனுப்பி, ஒரு ஆளை நினைத்துப் பேசுவதென்றால் இப்படித்தான் என்று பாடம் எடுத்தேன். புடவைக்காரர் வெகுநேரம் கழித்து, “மாஷா அல்லாஹ், அச்சொட்டு,” என்று மட்டும் பதில் அனுப்பினார். யாரைப் போல அச்சொட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது என் சட்டம்.

கொம்பனிக்குக் கழுதையை அப்படிப் பிடித்துவிட்டது. குரல் வந்த பிறகுதான் அவர்கள் வாயசைவு வரைவார்கள். தலைமன்னார்ப் பொடியன் அந்தக் குரலைக் கேட்டு, விழுங்கும் இடமெல்லாம் கழுதை தலையைத் தாழ்த்தி நிலத்தைப் பார்ப்பதாக வரைந்தான். அடுத்த கதைகளில் கழுதைதான் முக்கிய ஆள் என்று முடிவெடுத்தார்கள். எனக்கு அது வெற்றியாகப்பட்டது. வீட்டில் சோறு போடும்போது மனைவியிடம், “நாளைக்கு ரெண்டு மணிக்குத் தொடங்குவம், அதுக்குள்ள காய்ச்சல் கீய்ச்சல் வந்திடப்படாது,” என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிவு வந்திருந்தது. அவளும் சரியென்றாள்.

முதல் கதையை முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். திரை, பெட்டிகள் எல்லாம் என்னுடையவை. ஓட்டோக்காரன் உதவிக்கு வந்திருந்தான். பிள்ளைகளும் தாய்மாரும் பாயில் இருந்தார்கள். கழுதை வந்த இடமெல்லாம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாய்மார் அதைவிடக் கூடுதலாகச் சிரித்தார்கள். கடைசியில் என் பெயர் வந்தபோது முன்பள்ளிக்குப் பொறுப்பான சிஸ்டர் எழுந்து கை தட்டினார்.

“இவ்வளவு நாளும் எங்களுக்கு மைக் கட்டித் தந்தவர் இண்டைக்கு மைக்கில கதைக்கட்டும். பிள்ளையள், கேப்பமா?”

“ஓம் சிஸ்டர்!”

நான் கையை ஆட்டி மறுத்தேன். விடவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் ஆசை இருந்தது. எழுந்து மைக்கைப் பிடித்தேன். பிள்ளைகள் அமைதியானார்கள். என் சொல்லுக்காக ஒரு மண்டபம் காத்திருந்தது.

“ம்… பிள்ளையள்… உங்களுக்கு இந்தக் கதை பிடிச்சிருந்தால், நாங்கள் இன்னும் கொஞ்சம்…”

“கழுதை!” என்று முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை கத்தியது.

மண்டபம் முழுக்க எழுந்துவிட்டது. “கழுதை! கழுதை மாமா!” “கழுதைக்குள்ள இருந்தது இவர்தான்!” “இன்னொருக்காக் கதையுங்கோ!” ஒரு குழந்தை ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது. அவர்களுக்கு அவ்வளவு சந்தோசம். அவர்கள் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சிஸ்டர் ஊருக்குப் புதியவர். “அப்ப கழுதையும் நீங்கள்தானா? எங்களுக்குச் சொல்லவேயில்லையே!” என்று மைக்கிலேயே கேட்டார். தாய்மார் சேலைத் தலைப்பால் வாயை மூடினார்கள். ஒருவராவது ஆச்சரியப்படவில்லை என்பதைக் கண்டேன். ஓட்டோக்காரன் வயரைச் சுற்றத் தொடங்கினான், மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே. என் மனைவி பிள்ளைகளுக்கான ரோல்ஸ் தட்டை ஏந்தியபடி கதவடியில் நின்றாள். தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிகளை ஏற்றும்போது ஓட்டோக்காரன் வாயைத் திறந்தான்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சம்.”

“ஆர் நினைச்சது?”

“எல்லாரும்தான். நீங்கள்தானே டீச்சரிட்ட இன்னும் விழுங்கும், இன்னும் விழுங்கும் எண்டு சொன்னனீங்களாம். மனுசன் தன்னையே பகிடி பண்ண விடுறார், என்ன பெரிய மனசெண்டு நான் நாலு பேருக்குச் சொன்னனான்.”

“நாலு பேருக்கோ?”

“கூடவும் இருக்கும்.” பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, “நல்ல கழுதை, அண்ணை. அதில குறை சொல்ல ஏலாது,” என்றான்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன். அவள் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள்.

“நான் அப்பிடியோ கதைக்கிறனான்?” என்று கேட்டேன்.

“நீங்கள்தானே சொன்னனீங்கள், தெரிஞ்ச ஒரு ஆளை நினையெண்டு.”

“ஊரில எத்தினை பேர் இருக்கினம்.”

“எனக்கு ஆரை அவ்வளவு தெரியும்?” என்றாள். குரலில் கோபமில்லை. “ஆரின்ர கதையை நான் இவ்வளவு கேட்டிருக்கிறன்? குசினிக்குள்ள நிண்டு, நீங்கள் வாசலில ஆரோடயும் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு நிப்பன். நல்லாத் தொடங்குவீங்கள். இப்ப சொல்லப் போறார், இப்ப சொல்லப் போறார் எண்டு நான் அகப்பையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். கடைசிச் சொல் வராது. எங்கட தென்னையடி வரைக்கும் உங்கட அண்ணன் வேலியைத் தள்ளிப் போட்ட அண்டைக்கும் அப்பிடித்தான் நிண்டனான்.”

“சண்டை வேண்டாமெண்டுதான்.”

“ஓம். ஆருக்கும் சண்டை வேண்டாம்தான்.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாம்.”

“கேட்டனான். இன்னுமோ எண்டு கேட்டனான். இன்னும் எண்டு சொன்னனீங்கள்.”

தேத்தண்ணி ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை, கோபத்தைக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

புதுக் கதையின் வசனங்கள் வந்து சேர்ந்தன. முழுக்க முழுக்கக் கழுதை. அது வழக்கமாக நிற்கும் நிழலைக் கூழைக்கடா பிடித்துக்கொள்கிறது. கழுதை விட்டுக்கொடுத்துக்கொண்டே போகிறது, போகிறது, கடைசியில் ஒருநாள் திரும்பி நின்று “முடியாது!” என்கிறது. அவ்வளவுதான் கதை. கொழும்பில் இருக்கும் யாரோ எழுதியது. எங்கள் வீட்டைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மெத்தையைச் சாய்த்தோம். பழைய துண்டைப் போட்டுக் கேட்டோம். அது நான் என்று தெரிந்துகொண்டு அதைக் கேட்பது முதல் தடவை. இப்போது அது அச்சொட்டாக நான்தான் என்று விளங்கியது. அவள் தொடங்கினாள். கழுதை வரவில்லை. ‘ம்’ இருந்தது, மூச்சு இருந்தது, ஆனால் கடைசிச் சொல்லை அவள் விழுங்கவில்லை, மெதுவாகக் கீழே வைத்தாள். ஒரு மரியாதையான, சுகமில்லாத மனிதனின் குரல். என்னை நோகாமல் பார்த்துக்கொள்கிறாள். மூன்று தரமல்ல, கணக்கில்லாமல் சொன்னாள். ஒவ்வொரு தரமும் கழுதை இன்னும் நல்லவராகிக்கொண்டு போனார்.

இருந்தாலும் அனுப்பினேன். தலைமன்னார்ப் பொடியன் அடுத்த நாளே அழைத்தான்.

“அண்ணை, கழுதை மாறிட்டுது. இது ஆரோ ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற ஆள் மாதிரி. பழைய கழுதை இல்லாட்டி இவையள் தொடரை நிப்பாட்டிப் போடுவினம். நீங்கள்தான் அவவிட்ட எடுத்துத் தரவேணும்.”

நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். என் கழுதையை.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவளிடம், “நான் வீட்டில நிக்கேல்ல. மற்ற ஆக்கள் மாதிரியே போனில செய்வம்,” என்றேன். லொறியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், காற்று வராமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருந்தேன். வெளியே தெருக் கழுதைகள் இரண்டு ஒரு மீன்பெட்டியை மணந்துகொண்டிருந்தன. காதில் அவள் மூச்சு கேட்டது.

“கழுதை, மூன்று,” என்றாள். அமைதி. வசனம்.

“இல்லை,” என்றேன். “அவன் அவ்வளவு தெளிவாச் சொல்ல மாட்டான்.”

“எப்படிச் சொல்லுவார்?”

“முன்னால நிக்கிறவன்ர முகத்தைப் பாக்க மாட்டான். காலைப் பாத்துக்கொண்டு சொல்லுவான். ‘நிழல்’ எண்டு சொல்லேக்கை, அது தன்ர நிழல்தான் எண்டு அவனுக்கே சந்தேகம் வந்திடும். அதில ஒரு இடத்தில நில்லும். பிறகு அவசரப்படும். முடிச்சிட்டு ஓடிடப் பாக்கிறான்.”

அவள் சொன்னாள். கொஞ்சம் கிட்ட வந்தது.

“இன்னும் சின்னதாக்கும். மற்ற ஆள் சிரிச்சால் தானும் சிரிக்கலாம் எண்டு அவன் காத்துக்கொண்டு நிக்கிறான்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பதிவில் அது விழக்கூடாது, நான் பொறுத்திருந்தேன். பிறகு வசனம் வந்தது. கழுதை வந்துவிட்டது. அதே கழுதை, முன்னதைவிட மோசமான கழுதை. என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஆகச் சிறந்த திருத்தங்கள் அவைதான். ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்தது. வசனத்துக்கு வசனம் நான் சொல்லச் சொல்ல, அவள் என்னைச் செய்துகொண்டு போனாள். வெய்யிலுக்குக் கண்ணாடி கொதித்தது.

கடைசி வசனம் மிஞ்சியது.

“கழுதை, இருபத்தெட்டு,” என்றாள். அமைதி. அமைதி நீண்டுகொண்டே போனது.

“சொல்லும்.”

“என்னெண்டு சொல்றது?”

“அதுதானே எழுதியிருக்கு. முடியாது எண்டு.”

“எழுதியிருக்கு. அவர் என்னெண்டு சொல்லுவார்? கத்துவாரோ? மெல்லமாச் சொல்லுவாரோ? எங்க மூச்செடுப்பார்? இவ்வளவு நேரமும் எல்லாத்தையும் கேட்டிருக்கிறன், சொன்னனான். இதை அவர் சொல்லி நான் ஒருநாளும் கேக்கேல்ல.”

முயன்று பார்த்தாள். கத்தினாள், அது தாய்க் காகம். மெல்லச் சொன்னாள், அது குட்டிப் பூநாரை. ஒரு தரம் அவளுடைய சொந்தக் குரலிலேயே வந்தது. அது மிக நன்றாக இருந்தது, ஆனால் கழுதை அல்ல.

“நீங்கள் ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ,” என்றாள். “கேட்டால் பிடிச்சிடுவன்.”

யாருக்கும் வசனத்தைச் சொல்லிக் காட்டுவதில்லை என்பது என் இன்னொரு சட்டம். சொல்லிக் காட்டினால் கிளிப்பிள்ளை மாதிரி அதையே திருப்பிச் சொல்வார்கள். ஆனால் இங்கே தேவைப்பட்டதே அதுதான். லொறிக்குள் நான் தனியே. கண்ணாடி ஏற்றியிருக்கிறது. கேட்பதற்கு அவளைத் தவிர ஒருவருமில்லை. வாயைத் திறந்தேன். தொண்டைக்குள் ‘ம்’ வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல் தொடங்கியது. முதல் எழுத்து நன்றாக வந்தது, இரண்டாவது எழுத்தும் வந்தது, அவ்வளவுதான்.

அவள் காத்திருந்தாள். அகப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் போலத்தான் நின்றிருப்பாள் என்று நினைக்கிறேன். பிறகு, “சரி, விடுங்கோ. லைன் சரியில்லைப் போல,” என்றாள். லைனில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அந்த ஒரு வசனம் இல்லாமல் அனுப்பினேன். கொம்பனிக்காரருக்கு மற்றதெல்லாம் மிகவும் பிடித்துவிட்டது. ஒரு சொல்தானே என்று கொழும்பில் ஒரு தொழில்முறைக் குரல்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தார்கள். கழுதைக்கு ஆத்திரம் வந்ததால் குரல் மாறியது என்று சிறுவர்கள் நினைத்துக்கொள்வார்களாம். சிறுவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

தொடர் நடக்கிறது. என் பெயர் வருகிறது. மண்டபத்தில் இப்போதும் மைக் கட்டுகிறேன், பிள்ளைகள் என்னைக் கண்டால் கழுதை மாமா என்கிறார்கள், தாய்மார் அவர்களின் கையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். கழுதைக்கு ஆத்திரம் வருவது பிடித்துப்போனதால் ஒவ்வொரு கதையிலும் ஓர் இடம் வைக்கிறார்கள். விட்டுக்கொடுக்கிற வசனமெல்லாம் என் மனைவிக்கு, மறுக்கிற வசனமெல்லாம் கொழும்புக்காரருக்கு. இரண்டையும் ஒட்டி, சத்தத்தைச் சமப்படுத்தி, ஒரே கழுதை போலக் கேட்கச் செய்வது என் வேலை. அவளுடைய மூச்சுக்குப் பின்னால் அவருடைய சொல்லை வைப்பேன். நன்றாகத்தான் பொருந்துகிறது.

போன கிழமை அவள் முன்பள்ளியிலிருந்து வந்து, முகம் கழுவி, மின்விசிறியை நிறுத்திவிட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பழைய துண்டைப் போடப் போனேன்.

“அது வேண்டாம். அது எனக்குத் தெரியும்,” என்றாள். “கொழும்பில இருக்கிற மற்றவர் அனுப்பிட்டாரோ?”

“ஓம், காலமை வந்தது.”

“அதைப் போடுங்கோ. அவர் எந்த இடத்தில தொடங்கிறாரெண்டு தெரிஞ்சால் நான் அதுக்கேத்த மாதிரி முடிக்கலாம்.”

அது நியாயமான தேவை. இந்த வேலையில் அப்படித்தான் செய்ய வேண்டும். நான் போட்டேன். அவள் இரண்டு காதிலும் வயரைச் செருகி, சேலைகளுக்கு நடுவில் நின்று, கண்ணை மூடி, அந்த மனிதர் மறுத்துச் சொல்வதைக் கேட்டாள். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. கேட்டு முடிந்ததும் கண்ணைத் திறக்காமல், இன்னொரு தரம் போடும்படி விரலைக் காட்டினாள்.